ஜி.எம்.முக்கும் ஒரு சிசி

திருப்பூரில் உள்ள ஏதோ ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 12,000 டி-ஷர்ட் போக வேண்டும். துணி சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை இருக்க வேண்டும், ஐந்து சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்பது பேச்சு. வந்து இறங்கிய துணியை வெட்டி நிறுத்துப் பார்த்தால் 174 கிராம். கணக்குப்படி 171 வரை போகலாம் என்பதால் உடனே கட்டிங்கை ஆரம்பிக்கலாம் என்கிறார் புரொடக்‌ஷன் மேனேஜர். இந்த பையர் போன சீசனில் எடை குறைந்ததற்காகத் தகராறு செய்தவர், ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டலாம் என்கிறார் மெர்ச்சண்டைசர்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏற்றுமதி ஆபீஸில் தினமும் நாலு தடவை நடக்கிற இழுபறி இது. ஆனால் மதியம் ஒரு மெயில் வருகிறது. ஆங்கிலத்தில் இருந்த அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘மெர்ச்சண்டைசிங் பக்கமிருந்து கிளியரன்ஸ் வராததால் கட்டிங் நிற்கிறது. தங்கள் தகவலுக்கு.’ சிசியில் ஜி.எம்., அவருக்குப் பக்கத்தில் எம்.டி.

அந்த இரண்டு பெயர்களையும் எடுத்துவிட்டால் அது ஒரு நினைவூட்டல். சேர்த்துவிட்டால் புகார். எழுதியவர் மனதில் புகார் சொல்லும் எண்ணமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் படிக்கிற மெர்ச்சண்டைசருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ‘போட்டுக் கொடுத்துட்டார்.’

கால் மணி நேரத்தில் ஜி.எம். போன் செய்வார். அவருக்கு முழுக்கதையும் தெரியாது, ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். பிறகு மெர்ச்சண்டைசரும் சும்மா இருக்க மாட்டார். ரிப்ளை ஆல் அழுத்தி, துணி எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், எந்தத் தேதியில் வந்தது என்று நாலு பத்தி எழுதுவார். அந்த நாலு பத்தியும் புரொடக்‌ஷன் மேனேஜருக்காக எழுதப்பட்டது அல்ல, ஜி.எம். படிப்பதற்காக எழுதப்பட்டது. துணியைப் பற்றிய கேள்வி அங்கேயே தொலைந்துவிடும்.

மேலதிகாரியை சிசியில் சேர்ப்பது உடன் வேலை பார்ப்பவரிடம் என்ன செய்கிறது என்பதை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் அப்போது பேராசிரியராக இருந்த டேவிட் டி கிரேமர் ஆராய்ந்திருக்கிறார். 2017-இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் அதைப் பற்றி எழுதினார். சக ஊழியர் எப்போதும் மேலதிகாரியை சிசியில் வைக்கும்போது, எதிரில் இருப்பவர் தன்மீது நம்பிக்கை வைக்கப்படவில்லை என்று உணர்கிறார் என்பது அவர் கண்டது. அதோடு நிற்காமல், இந்த நிறுவனத்திலேயே நம்பிக்கை என்பது குறைவு போலிருக்கிறது என்ற முடிவுக்கும் அவர் வந்துவிடுகிறார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கட்டும் என்று தொடங்குகிற பழக்கம் இப்படித்தான் பயத்தை வளர்க்கிறது.

இதை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது?

அந்த சிசி என்ன வேலை செய்கிறது?

பெரும்பாலும் இந்தப் பேச்சு தோற்றுப்போவதற்குக் காரணம், வார்த்தைகளைத் தேடுவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாததுதான். ஒருவர் திரும்பத் திரும்ப மேலதிகாரியை சிசியில் சேர்க்கிறார் என்றால் அந்த சிசி அவருக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்து கொடுக்கிறது. என்ன வேலை என்று தெரியாமல் ‘போடாதீங்க’ என்றால், கையில் இருக்கும் குடையை மழையில் மடக்கச் சொல்வது போலத்தான். மடக்க மாட்டார்.

அந்த வேலை பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, வேகம். தனியாக அனுப்பிய மெயிலுக்குப் பதில் வருவதில்லை, ஜி.எம்.மைச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் வருகிறது. இரண்டாவது, பாதுகாப்பு. நாளை ஷிப்மென்ட் தள்ளிப்போனால் ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று காட்ட ஒரு சாட்சி வேண்டும். மூன்றாவது, அதிகாரம். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் தானா, எதிரில் இருப்பவரா என்று யாருமே வகுத்துச் சொல்லவில்லை, அதனால் மேலே தள்ளிவிடுகிறார்.

இது மூன்றும் இல்லாமல் வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எப்போதோ ஒரு மெயிலில் ஜி.எம்.மின் பெயர் சேர்ந்திருக்கும். அதன்பிறகு எல்லாரும் அதே மெயிலுக்கு ரிப்ளை ஆல் கொடுத்துக்கொண்டே இருக்க, அவர் பெயரும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கடந்த மூன்று வாரத்தில் அவர் மேலதிகாரியைச் சேர்த்து உங்களுக்கு அனுப்பிய மெயில்களை எடுத்து வரிசையாகப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். மேலதிகாரி எடுக்க வேண்டிய முடிவு ஏதாவது அதில் இருந்ததா? அதற்கு முன்னால் அதே விஷயத்தை அவர் உங்களிடம் மட்டும் கேட்டிருந்தாரா?

நம் மெர்ச்சண்டைசர் இதைச் செய்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினோரு மெயில்கள் இருக்கின்றன. அதில் இரண்டு நியாயமானவை: ஒன்று, கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பினால் ஆகும் கூடுதல் செலவு, இன்னொன்று, டெலிவரி தேதி மாற்றம். இரண்டையும் ஜி.எம். பார்த்தே ஆக வேண்டும். மீதி ஒன்பதும் அன்றாடச் சிக்கல்கள். ஆனால் அந்த ஒன்பதில் ஐந்தை, காலையில் அவர் தனியாகக் கேட்டிருக்கிறார். பதில் போகவில்லை. மதியம் ஜி.எம்.மைச் சேர்த்திருக்கிறார்.

ஏன் பதில் போகவில்லை? பையரைக் கேட்காமல் சொல்ல முடியாது. ஐரோப்பாவில் காலை ஒன்பது மணி ஆகும்போது இங்கே கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதுவரை சொல்வதற்கு எதுவும் இல்லை என்று மெர்ச்சண்டைசர் பேசாமல் இருந்திருக்கிறார். கட்டிங் டேபிளைக் காலியாக வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த மௌனம் அலட்சியமாகத் தெரிந்திருக்கிறது. ‘பையர்கிட்ட கேட்டிருக்கேன், ரெண்டு மணிக்குத் தெரியும்’ என்பதும் ஒரு பதில்தான். அந்த ஒரு வரி போயிருந்தால் அந்த ஐந்து சிசியில் பலது வந்திருக்காது.

ஆக, இங்கே சிசி செய்த வேலை வேகம். இது தெரிந்த பிறகு பேசப்போகும் பேச்சு வேறு.

எங்கே, எப்போது

இந்தப் பேச்சை மெயிலில் பேசக் கூடாது. எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பது அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மெயில் எழுதுகிறவர்கள் தாங்கள் நினைத்த தொனி படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று நம்பிய அளவுக்கு அது உண்மையில் புரியவில்லை என்று காட்டினார்கள். மேலும், நீங்கள் எழுதும் ‘தயவுசெய்து ஜி.எம்.மைச் சேர்க்க வேண்டாம்’ என்ற மெயிலை அவர் அப்படியே ஜி.எம்.முக்கு ஃபார்வர்டு செய்ய முடியும். எதையோ மறைக்கச் சொன்னது போல அது தெரியும்.

சிசி வந்த அதே மணி நேரத்திலும் பேசக் கூடாது. அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ பேசுவது நல்லது. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் எந்த மெயில் என்றே அவருக்கு நினைவிருக்காது. மற்றவர்கள் இருக்கும்போது வேண்டாம். தையல் லைன் நடுவே, தனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டால், ஒப்புக்கொள்ள நினைப்பவர்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். டீ நேரத்தில் கேன்டீனுக்குப் போகும் வழி போதும். அவர் வேறு ஊர் யூனிட்டில் இருந்தால் போன்.

பேச்சு

மெர்ச்சண்டைசர் முப்பது வயதுப் பெண். புரொடக்‌ஷன் மேனேஜர் ஐம்பதை நெருங்குகிறவர். பேச்சு இப்படிப் போகலாம்.

“அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குங்களா? மெயில் விஷயமா ஒண்ணு பேசணும்.”

“சொல்லும்மா.”

“செவ்வாய்க்கிழமை அந்த 174 ஜி.எஸ்.எம். மெயில்ல ஜி.எம்., எம்.டி. ரெண்டு பேரும் சிசியில இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல ஜி.எம். கூப்பிட்டுட்டாருங்க. அவருக்கு விளக்கம் சொல்லி முடிச்சு, அப்புறம் மெயிலுக்குப் பதில் எழுதி, சாயங்காலம் ஆயிருச்சு. பையரை அதுக்கப்புறம்தான் பிடிச்சேன். உங்க கட்டிங் அதனாலயே இன்னும் லேட்டாச்சுங்க.”

“நான் என்னம்மா பண்றது? காலையில உங்களுக்குத்தானே போட்டேன், பதிலே காணோம். ஆளுக சும்மா நிக்கறாங்க. ஷிப்மென்ட் தள்ளிப்போனா என்னைத்தானே கேப்பாங்க?”

“அது சரிதாங்கண்ணா. போன மூணு வார மெயிலை எடுத்துப் பாத்தேன். அஞ்சு தடவை நீங்க காலையில கேட்டதுக்கு நான் ஒண்ணுமே சொல்லலை. பையர் பதிலுக்குக் காத்துட்டு இருந்தேன், அதையாவது உங்களுக்குச் சொல்லியிருக்கணும். இனிமே துணி, கட்டிங் விஷயம் எதுவா இருந்தாலும் போன் போடுங்க. ஒரு மணி நேரத்துல சரியா, வேண்டாமா, இல்ல எப்போ சொல்றேன்னு மெயில்ல எழுதிக் கொடுத்துடறேன். உங்க கையில ரெக்கார்டும் இருக்கும். அப்படியும் நமக்குள்ள ஒத்துவரலைன்னா ரெண்டு பேரும் சேந்தே ஜி.எம்.கிட்டப் போயிடலாம். அது வரைக்கும் மெயில் நமக்குள்ள இருக்கட்டுங்களா?”

“ஏர் ஷிப்மென்ட், செலவு விஷயமெல்லாம் அவருக்குப் போடாம இருக்க முடியாதும்மா.”

“அதைக் கண்டிப்பா போடுங்க. அந்த மாதிரி விஷயம்னா நானே அவரைச் சேத்துடறேன்.”

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியவை சில. ‘நீங்க எப்பவும் இப்படித்தான்’ என்று அவர் தொடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை, 174 ஜி.எஸ்.எம்., ஒரே ஒரு மெயில். ‘எப்பவும்’ என்றால் எதிராளி விதிவிலக்கு ஒன்றைத் தேடிப் பிடித்து வாதாடுவார். ஒரு மெயிலைச் சொன்னால் அதைப் பற்றித்தான் பேச முடியும். அடுத்து, ‘எனக்கு அசிங்கமாப் போச்சு’ என்று சொல்லாமல், நேரம் எங்கே போனது என்று சொல்கிறார். அந்த நேரம் அவருடையது மட்டும் அல்ல, புரொடக்‌ஷனுடையதும்தான் என்று காட்டுகிறார். மனம் வருந்தியது உண்மையாகவே இருக்கலாம். நெருங்கிய பழக்கம் இருந்தால் அதையும் சொல்லலாம். பழக்கம் இல்லாதவரிடம் அதைச் சொன்னால் பேச்சு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

‘ஏன் மேலிடத்துக்குப் போறீங்க?’ என்ற கேள்வி எங்குமே வரவில்லை. அந்த ‘ஏன்’ விசாரணை மாதிரி ஒலிக்கும். காரணத்தைக் கேட்காமலே அவர் வாயிலிருந்தே அது வந்துவிட்டது. வந்ததும் மெர்ச்சண்டைசர் அதை மறுக்கவில்லை.

கடைசியில் அவர் கேட்டது ‘நிறுத்துங்கள்’ என்பதை அல்ல. வேகத்துக்கு ஒரு மணி நேர வாக்கு, பாதுகாப்புக்கு எழுத்துப் பதில், ஒத்துவராவிட்டால் சேர்ந்து போகும் வழி என்று சிசி செய்துகொண்டிருந்த வேலைகளுக்கெல்லாம் மாற்று கொடுத்திருக்கிறார். எதில் ஜி.எம். இருக்க வேண்டும் என்ற கோட்டையும் இருவரும் சேர்ந்தே போட்டுக்கொண்டார்கள்.

மறுபடியும் ஒரு சிசி வந்தால்

வரும். பல வருடப் பழக்கம் ஒரு டீ நேரத்தில் போய்விடாது. ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் கை தானாக ஜி.எம். பெயரைத் தட்டிவிடும்.

அப்போது முதலில் போனை எடுங்கள். விஷயத்தைப் பேசி முடியுங்கள். பிறகு ரிப்ளை ஆலில் இரண்டு வரி போதும்: ‘அண்ணனிடம் பேசிவிட்டேன். 174 ஜி.எஸ்.எம். துணியை பையர் ஏற்றுக்கொண்டார், நாளைக் காலை கட்டிங் ஆரம்பம்.’ ஜி.எம். ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்பதால், விஷயம் முடிந்தது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். பாதியில் அவர் பெயரைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு பதில் அனுப்பினால், அவர் பார்வையில் சண்டை இன்னும் நடக்கிறது. சக ஊழியர் பார்வையில் நீங்கள் எதையோ ஒளிக்கிறீர்கள். நீக்கத்தான் வேண்டும் என்றால் முதல் வரியிலேயே ‘இதை நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டுச் சொல்கிறோம், ஜி.எம். சாரை இனி இந்த மெயிலில் சேர்க்கவில்லை’ என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதிவிட்டு, அடுத்த மெயிலிலிருந்து நீக்குங்கள்.

பதிலுக்கு அவருடைய மேலதிகாரியை நீங்களும் சேர்ப்பது, சொன்ன எல்லாவற்றையும் ஒரே நொடியில் கெடுத்துவிடும். பிசிசியில் ரகசியமாக உங்கள் மேலாளரைச் சேர்ப்பது அதைவிட மோசம். அவர் தெரியாமல் ரிப்ளை ஆல் அழுத்தினால் ரகசியம் எல்லார் திரையிலும் வந்து நிற்கும்.

இரண்டு மூன்று முறை ஆன பிறகும் ஒரு மாற்றமும் இல்லை என்றால், இன்னொரு தடவை நேரில், சுருக்கமாக: “அண்ணா, நாம பேசினது சரிவரலைங்களா? வேற ஏதாவது மாத்தணுமா?” அதற்கும் பலன் இல்லை என்றால் உங்கள் மேலாளரிடம் போகலாம். அப்போதும் ஆளைப் பற்றிப் பேச வேண்டாம். ‘துணி எடை விஷயத்தில் கடைசி முடிவு யாருடையது என்று நீங்கள் சொல்லிவிட்டால் இத்தனை மெயில் தேவைப்படாது’ என்று கேளுங்கள். அதிகாரம் யாரிடம் என்பது தெளிவில்லாததால் வரும் சிசியை இருவர் பேசித் தீர்க்க முடியாது. அது மேலே இருப்பவர் தீர்க்க வேண்டியது.

சில நேரம் பேச்சில் வேறொன்றும் தெரியவரும். ‘ஜி.எம். தாம்மா எல்லாத்தையும் தனக்குப் போடச் சொன்னார்’ என்பார். அப்படியென்றால் அவர்மீது குற்றமே இல்லை. இருவரும் சேர்ந்து ஜி.எம்.மிடம் போய், தினம் மாலை ஒரே ஒரு சுருக்க மெயிலில் நிலவரம் சொன்னால் போதுமா என்று கேட்பதுதான் வழி. ஏற்பதும் மறுப்பதும் அவர் இஷ்டம்.

கேட்கவே கூடாத இடங்கள்

எல்லா சிசியையும் நிறுத்தச் சொல்ல முடியாது. பாய்லர், மின்சாரம், தீ என்று உயிருக்கு ஆபத்தான விஷயம், பாலியல் சீண்டல், பணத்தில் முறைகேடு, சட்டத்தை மீறும் வேலை, பையருக்குப் பொய்யான ரிப்போர்ட் கொடுப்பது. இவற்றில் மேலே தெரிவிப்பது ஒருவரின் கடமை. ‘நமக்குள்ளேயே வெச்சுக்கலாம்’ என்ற வார்த்தையே அங்கே தப்பு. கொடுத்த வாக்கைத் திரும்பத் திரும்ப மீறும் ஒருவரைப் பற்றி அவருடைய மேலாளருக்குத் தெரிவிப்பதையும் குறை சொல்ல முடியாது. மூன்று வார மெயிலைப் படித்துப் பார்த்தபோது அந்த ஒருவர் நீங்கள்தான் என்று தெரிந்தால், நிறுத்தச் சொல்லிக் கேட்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும்.

சிசியில் இருக்கும் மேலதிகாரிக்கும் இதில் பங்கு இருக்கிறது. சிசியில் வரும் ஒவ்வொரு சண்டைக்கும் உடனே போன் செய்து தீர்ப்புச் சொல்கிற ஜி.எம்., அடுத்த சிசிக்கு அழைப்பிதழ் அனுப்புகிறார். ‘நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டு, முடிவை மட்டும் சொல்லுங்க’ என்று இரண்டு தடவை பதில் போட்டாலே பாதி குறைந்துவிடும்.

பலன் கிடைத்ததா என்பதை ஒரு மாதம் கழித்து அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சிசி எண்ணிக்கை குறைந்திருப்பது மட்டும் போதாது. மெயில் குறைந்து, அதே விஷயங்கள் போனிலோ வாட்ஸ்அப்பிலோ ஜி.எம்.முக்குப் போய்க்கொண்டிருந்தால் எதுவும் மாறவில்லை. பயம் வேறு வழியில் போகிறது, அவ்வளவுதான். ஜி.எம்.மின் பெயரோடு வரும் மெயிலில் அவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று கட்டாயம் இருக்கிறது என்றால், பேசிய பேச்சு பலித்திருக்கிறது.